பதினான்கும் நாற்பத்தொன்றும்

கஜேந்தினிக்கு ஒரு விஷயத்தை ஒருதரம் சொன்னால் நம்பிக்கை வராது. பஸ் வருகிறது என்று யாராவது சொன்னால் எழும்பி றோட்டுக்குப் போய்ப் பார்ப்பாள். கடையில் தராசைப் பார்க்கமாட்டாள், தராசு பிடிக்கிறவரின் கையைத்தான் பார்ப்பாள். "உனக்கு என்னையும் நம்பிக்கையில்லை" என்று தாய் சலித்துக்கொண்டால், "அதுக்காக இல்லையம்மா, ஒருக்கா பாத்திட்டன் எண்டு வையுங்கோவன்" என்பாள்.

இந்தக் குணம் சும்மா வரவில்லை. பெற்றோர் பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து உருத்திரபுரத்தில் குடியேறியவர்கள். பள்ளிக்கூடத்தில் "உங்கட சொந்த ஊர் எது?" என்று யாராவது கேட்டால், கேள்வி எதற்கு வருகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டுதான் அவள் பதில் சொல்வாள். பத்து வயதிலேயே அதில் கைதேர்ந்துவிட்டாள். பாவம், வேறு வழியும் இருக்கவில்லை.

இருபத்தெட்டு வயதில் அந்தக் குணமே அவளுக்குச் சோறு போட்டது. யானைவேலிகளைப் பராமரிக்கிற நிறுவனம் ஒன்று கிளிநொச்சியில் கந்தோர் வைத்திருந்தது. ஊர்களைச் சுற்றிச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் கம்பிவேலி. எங்காவது அறுந்தால், கம்பம் சாய்ந்தால், பற்றரி இறங்கினால் ஊர்ச்சனம் வாட்ஸ்அப்பிலோ தொலைபேசியிலோ அறிவிக்கும். ஒவ்வொரு அறிவித்தலும் கணினியில் ஒரு இலக்கத்தோடு விழும். அதைக் கந்தோரில் ரிக்கெற் என்பார்கள். அறிவித்தவர் பெயர், தொலைபேசி, இடம், கம்ப இலக்கம், படம், அதன் கீழே வேலைக்காரர் எழுதுகிற குறிப்புகள் எல்லாம் அந்த ரிக்கெற்றில் இருக்கும்.

ஒரு கம்பி அறுந்தால் ஒருவர் மட்டும் அறிவிப்பாரா? எட்டுப்பேர் அறிவிப்பார்கள். எட்டு ரிக்கெற் விழும். அப்படியே விட்டால் திருத்துகிற ஆட்கள் ஒரே கம்பத்துக்கு எட்டுத்தரம் ஓடவேண்டும். அதனால் இரட்டைகளைக் கண்டுபிடித்து ஒன்றோடு ஒன்றை இணைப்பதுதான் கஜேந்தினியின் வேலை. இணைப்பது என்றால் அழிப்பது இல்லை. முதலில் வந்ததை, அல்லது விபரம் கூடியதைத் தலையாக வைக்கவேண்டும். மற்றதில் இருக்கிற குறிப்புகளையும் படங்களையும் அதன் கீழே, எழுதினவர் பெயரும் நேரமும் மாறாமல் கொண்டுவரவேண்டும். அறிவித்த எட்டுப்பேரையும் அதிலே சேர்க்கவேண்டும், வேலை முடிந்தால் எட்டுப்பேருக்கும் செய்தி போகவேண்டும் அல்லவா. அதன் பிறகுதான் மற்றதை, இன்னதோடு இணைக்கப்பட்டது என்று எழுதி மூடவேண்டும்.

கஜேந்தினி இதில் புலி. ஒரே ஆள் இரண்டு பெயரில் அறிவித்தாலும் பிடிப்பாள். பழைய படத்தைப் புதிதாக அனுப்பினால் பின்னால் நிற்கிற வைக்கோலைப் பார்த்தே பிடிப்பாள். மேற்பார்வையாளர் விஜிதரன் அவளுக்கு 'சீஐடி' என்று பெயர் வைத்திருந்தார். கேட்டால் முகத்தைச் சுழிப்பாளே தவிர உள்ளுக்குள் அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

மாசி மாதம், நெல் முற்றுகிற காலம். யானைகளுக்கு அது தெரியும். ஒரு நாளைக்கு இருநூறு ரிக்கெற் விழத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் கணினிச் செயலியில் புதிதாக ஒரு வசதி வந்தது. பல ரிக்கெற்றுகளைச் சேர்த்துத் தெரிவுசெய்து ஒரே அழுத்தில் இணைத்துவிடலாம். கஜேந்தினி முதலில் அதையும் சந்தேகப்பட்டாள். இரண்டு நாள் சரியாகத்தான் வேலை செய்தது. மூன்றாம் நாள் நம்பிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு அழைப்பு வந்தது. வயதான பெண்குரல். பக்கத்து வளவுக்கு வந்த ஒருவரின் போனை வாங்கிக் கதைத்தது.

"மீனம்மா பேசுறேன். ராத்திரி யானை பூந்து வயலெல்லாம் மிதிச்சிருச்சு. குசினிச் சுவரையும் தள்ளிப்புட்டுப் போயிருச்சு. கம்பி அறுந்து கெடக்குன்னு செவ்வாக்கெழமையே சொன்னேனே, ஏன் யாரும் வரல?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் கஜேந்தினிக்குத் தன் வீட்டுக்குள் யாரோ வந்து நிற்பது போல இருந்தது.

"நீங்க தோட்டப்பக்கமா அம்மா?"

"ஆமா புள்ள. பசறைப் பக்கம். நீயி?"

"எங்க அப்பா அம்மாவும் பதுளைதான். சொல்லுங்க, யாருகிட்ட சொன்னீங்க?"

"மஹ்றூப் கடையிலதான். எங்க ஊருல எல்லாரும் அங்கதான சொல்றது. எனக்கேது போனு. நாப்பத்தோராம் கம்பம்னு நம்பர்கூடப் பாத்துட்டு வந்து சொன்னேன். நேத்து மத்தியானம், வேலை முடிஞ்சுருச்சாம்னு அவரே சொன்னாரு. அதை நம்பித்தான் காவலுக்குப் போகாம படுத்தேன்."

கஜேந்தினி அறிவித்தவர் பெயரில் மீனம்மா என்று தேடினாள். இல்லை. நாற்பத்தோராம் கம்பம் என்று தேடினாள். ஒட்டுசுட்டான் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒரு நிமிஷம்கூட வேண்டியிருக்கவில்லை. கடைக்காரர் அனுப்பவே இல்லை. மறந்திருப்பார், கேட்டதும் சமாளிக்க 'முடிஞ்சுதாம்' என்று புளுகியிருப்பார். எத்தனை பேரைப் பார்த்தவள் அவள்!

"அவர் அனுப்பவே இல்லம்மா. இங்க ஒண்ணும் வரல" என்றாள். சொல்லும்போது மனதுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. அந்தத் திருப்திதான் பிறகு அவளை அதிகம் வதைத்தது.

மீனம்மா "அப்படியா புள்ள" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டா.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மஹ்றூப்பே அழைத்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்த கஜேந்தினி பதில்களை ஆயத்தமாக வைத்திருந்தாள். அவர் சத்தம் போடவில்லை.

"தங்கச்சி, நான் அனுப்பேல்லை எண்டு நீங்கள் சொன்னதாம்."

"எங்களுக்கு வரேல்லை நானா." முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்றுதான் கூப்பிடுவது.

"நான் அனுப்பினனான். நாளைக்குப் போனைக் கொண்டுவந்து காட்டுறன். ஞாயிற்றுக்கிழமை கமக்காரர் சங்கத்தில கூட்டம் வைக்கினம், என்னைப் பற்றித்தான். வடக்கிலயிருந்து துரத்தப்பட்டு இருபது வருஷம் புத்தளத்தில கிடந்திட்டு வந்து கடை போட்டனான். அரிசியில கல்லு எண்டு சொல்லியிருந்தால் கவலைப்படமாட்டன். சனத்தின்ர சொல்லை விழுங்கிப்போட்டன் எண்டு சொல்லினம். அதைத் தாங்கேலாமல் கிடக்கு."

போனை வைத்ததும் கஜேந்தினி பக்கத்திலிருந்த அனோஜாவிடம் சொன்னாள்: "ஆள் நல்லாக் கதைக்கிறார். நாளைக்கு வரமாட்டார் பார்."

மஹ்றூப் வந்தார். முதல் பஸ்சில் வந்திருக்கவேண்டும், எட்டரைக்கே கந்தோர் வாசலில் நின்றார். வெள்ளைச் சேட்டு, கையில் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிய போன். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. போனைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஐந்து பன்னிரண்டுக்கு ஒன்று: 'பாலையடி வேலி அறுந்து கிடக்கு. கம்பம் 14. அப்புத்துரை.' ஐந்து முப்பத்தொன்றுக்கு மற்றது: 'பாலையடி வேலி அறுந்து கிடக்கு. கம்பம் 41. மீனம்மா.' இரண்டுக்கும் கீழே கந்தோரின் தானியங்கிப் பதில், 'உங்கள் முறைப்பாடு கிடைத்தது.'

கஜேந்தினி போனை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு திருத்திய செய்தியா என்று பார்த்தாள். திருத்தியிருந்தால் ஓரத்தில் அடையாளம் விழும். அப்படி ஒன்றும் இல்லை. அவர் அதைக் கவனித்தார். "பாருங்கோ, நல்லாப் பாருங்கோ" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

சரி, அவர் அனுப்பியிருக்கிறார். அப்படியென்றால் யாரோ இங்கே அழித்திருக்கவேண்டும். அவளுடைய சந்தேகம் ஒரு வாசல் அடைபட்டால் அடுத்த வாசலைத் தட்டும். ஜனார்த்தனன்! திருத்த வேலைக்கு ஆட்களை அனுப்புகிறவன். 'ஒட்டுசுட்டான் பக்கம் கணக்கில்லாமல் வருது' என்று போன கிழமை முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தவன் அவன்தானே. மஹ்றூப்பை இருக்கச் சொல்லிவிட்டு நேரே அவனுடைய மேசைக்குப் போனாள்.

"பாலையடி ரிக்கெற் ஒண்டை அழிச்சனீயே?"

ஜனார்த்தனன் வாயில் வைத்த பணிசை எடுத்தான். "எனக்கெங்க அழிக்கிற உரிமை இருக்கு? உனக்கும் இல்லை, விஜியண்ணைக்கும் இல்லை. இதில ஒண்டையும் அழிக்கேலாது, மூடத்தான் ஏலும். நீதானே எனக்குப் படிப்பிச்சனீ." பிறகு ஒரு கடி கடித்துவிட்டுச் சொன்னான்: "மூடினதுக்குள்ள தேடினனீயே?"

தேடவில்லை. தேடுகிற பெட்டி வழமையாகத் திறந்திருக்கிற ரிக்கெற்றுகளை மட்டும்தான் காட்டும். அவளும் அறிவித்தவர் பெயரில்தான் தேடினாள். மஹ்றூப் கடையிலிருந்து வருகிற எல்லாவற்றுக்கும் அறிவித்தவர் பெயர் மஹ்றூப்தான். கம்ப இலக்கத்துக்கும் ஒரு தனிப்பெட்டி உண்டு. வாட்ஸ்அப்பில் வருவதற்கு அதை அவள்தான் செய்தியை வாசித்து நிரப்பவேண்டும். நிரப்பமுன் மூடிய ரிக்கெற் அந்தத் தேடலில் எப்படி வரும்?

திரும்பி வந்து, மூடியவையையும் காட்டு என்பதைத் தெரிவுசெய்து, கடையின் தொலைபேசி இலக்கத்தைப் போட்டுத் தேடினாள். வரிசையாக விழுந்தது. 6214, பாலையடி, கம்பம் 14, திருத்தப்பட்டது. அதற்குக் கீழே 6218, பாலையடி. மூடப்பட்டது. இரட்டை, 6214உடன் இணைக்கப்பட்டது. இணைத்தவர்: கஜேந்தினி. புதன்கிழமை காலை எட்டு நாற்பது.

அந்த எட்டு நாற்பது அவளுக்கு இப்போது நல்ல ஞாபகம். ஒரே போன். ஒரே பின்னேரம். ஒரே பாலையடி. ஒரே வசனம். இலக்கம் மட்டும் 14, 41. கடைக்காரர் இலக்கத்தை மாறி அடித்துவிட்டுப் பிறகு திருத்தி அனுப்பியிருக்கிறார், அல்லது முதலில் சரியாக அடித்துப் பிறகு மாறி அடித்திருக்கிறார் என்று அவள் பிடித்துவிட்டாள். 'என்னை ஏமாத்தப் பாக்கிறியளோ' என்று சிரித்துக்கொண்டே அழுத்தியதும் ஞாபகம் வந்தது. கீழே இருந்த பெயர்களை ஏன் பார்க்கவில்லை? பார்த்தாள். கடைக்காரர் சாட்சிக்கு ஆள் சேர்க்கிறார் என்று நினைத்தாள்.

"நானா, பாலையடி எண்டு எத்தினை இடம் இருக்கு உங்கட ஊரில?"

"ரெண்டு. குளத்தங்கரையில ஒண்டு, காட்டுப்பக்கம் ஒண்டு. ஏன்?"

"எப்பிடி வித்தியாசம் பிடிப்பியள்?"

மஹ்றூப் யோசித்தார். "ஆர் சொல்லினமோ அவையின்ர பக்கத்துப் பாலையடி. அப்புத்துரை எண்டால் குளத்தடி. மீனம்மா எண்டால் காட்டுப்பக்கம். அதுக்குத்தானே ஆளின்ர பேரைக் கீழ போடுறனான்."

பெயர்தான் முகவரி. அந்தப் பெயரைத்தான் அவள் தொலைத்திருந்தாள். புதிய வசதி, இணைக்கும்போது மற்ற ரிக்கெற்றின் கடைசிக் குறிப்பை மட்டும்தான் கொண்டுபோகும். 6218இன் கடைசிக் குறிப்பு என்ன? 'உங்கள் முறைப்பாடு கிடைத்தது.' அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. மீனம்மாவும் நாற்பத்தோராம் கம்பமும் இருந்த முதல் செய்தி மூடிய ரிக்கெற்றுக்குள்ளேயே கிடந்தது. அறிவித்தவரைச் சேர்க்கவும் என்பதையும் அவள் தெரிவுசெய்துதான் இருந்தாள். ஆனால் இரண்டிலும் அறிவித்தவர் இலக்கம் கடை இலக்கம். ஏற்கெனவே இருக்கிற இலக்கத்தைச் செயலி எதற்கு மறுபடி சேர்க்கும்? புதன்கிழமை ஜனார்த்தனனின் ஆட்கள் குளத்தடிக்குப் போய்ப் பதினான்காம் கம்பத்தைத் திருத்தினார்கள். கடைப் போனுக்கு 'பாலையடி வேலி திருத்தப்பட்டது' என்று ஒரு செய்தி போனது. இரண்டு அனுப்பியவர் ஒன்றைப் பெற்றுக்கொண்டு, இரண்டும் முடிந்தது என்று நினைத்து மீனம்மாவிடம் சொன்னார். மீனம்மா நம்பிப் படுத்தா.

கஜேந்தினி எல்லாவற்றையும் மஹ்றூப்புக்குச் சொன்னாள். அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதை நாளைக்கு ஊரில வந்து சொல்லுவியளோ?"

"விஜியண்ணையைக் கேட்டிட்டுச் சொல்லுறன்" என்றாள். அவருடைய முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள்.

விஜிதரன் கெட்டவர் இல்லை. ஆனால் கந்தோரைக் காப்பாற்றுகிற பழக்கம் அவருக்கு உண்டு. எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு கடிதம் அனுப்புவம் கஜி. செயலியில வந்த பிழை எண்டு போடுவம். பொய் இல்லைத்தானே. மற்றக் குறிப்புகளைக் கொண்டுவராமல் விட்டது அதுதானே" என்றார்.

"அது பாதிதான் அண்ணை. ரெண்டும் ஒண்டு எண்டு முடிவெடுத்தது நான். போனில ஒரு கோல் எடுத்துக் கேட்டிருந்தால் நானா சொல்லியிருப்பார். அவர் அனுப்பேல்லை எண்டு சொன்னதும் செயலி இல்லை."

"நீ அங்க போனால் உன்னைத்தான் பிடிச்சுத் தின்னுவினம்."

"கடிதம் போனால் அவை என்ன நினைப்பினம் தெரியுமோ? கடைக்காரர் கந்தோரில ஆரையோ பிடிச்சுக் கடிதம் எடுத்திட்டார் எண்டு நினைப்பினம். நானாயிருந்தால் அப்பிடித்தான் நினைப்பன்."

விஜிதரன் கந்தோரின் மடிக்கணினியைக் கொண்டுபோகச் சொன்னார். அன்றைக்கே ஜனார்த்தனன் காட்டுப்பக்கப் பாலையடிக்கு ஆட்களை அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை விவசாயிகள் சங்கக் கூட்டம் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் நடந்தது. நாற்பது பேர் வரையில் இருந்தார்கள். மஹ்றூப் பின்வரிசை வாங்கில் தனியே இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இடம் வெறுமையாக இருந்தது. மீனம்மா முன்னால் நிலத்தில் இருந்தா, மெலிந்த, கறுத்த, கண் இமைக்காமல் பார்க்கிற ஒரு கிழவி. தலைவர் அப்புத்துரை 'கந்தோர்ப் பிள்ளை வந்திருக்கு' என்று சொல்லி உட்கார்ந்தார்.

கஜேந்தினி எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. மடிக்கணினியை மேசையில் சனத்தின் பக்கம் திருப்பி வைத்து, செவ்வாய்க்கிழமை வந்த இரண்டு செய்திகளையும் உரத்து வாசித்தாள், நேரத்தோடும் பெயரோடும். பிறகு, "நானா ரெண்டையும் அனுப்பினவர். ரெண்டும் கந்தோருக்கு வந்தது. ரெண்டும் ஒண்டுதான் எண்டு நினைச்சு ரெண்டாவதை மூடினது நான். அவர் அனுப்பேல்லை எண்டு மீனம்மாவிட்டச் சொன்னதும் நான்தான். வடிவாத் தேடாமல் சொன்னனான். பிழை என்ர" என்றாள்.

யாரும் கத்தவில்லை. பின்னாலிருந்து யாரோ, "கடைக்காரர் கூட்டிக்கொண்டு வந்த ஆளோ?" என்று கேட்டார். அவள் அதை எதிர்பார்த்துத்தான் வந்தாள். என்றாலும் சுட்டது.

மீனம்மா எழும்பினா. கேட்டவரைப் பார்க்கவில்லை. கஜேந்தினியைப் பார்த்தா.

"நீதானா அந்தப் புள்ள?"

"ஆமாம்மா."

"பதுளைன்னு சொன்னியே. நம்ம புள்ள சொல்லுது, பொய்யா இருக்காதுன்னு நெனச்சேன். பத்து வருசமா அந்தக் கடையில சீனி தேயிலை வாங்குறேன். ஒரு நாளு எடை கொறஞ்சதில்ல. உன்னை நான் பாத்ததுகூட இல்ல. ஆனா நீ சொன்னதத்தான் நம்புனேன்."

கஜேந்தினி குனிந்துகொண்டாள். அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. அதுவும் நியாயம்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். இணைத்ததைப் பிரிக்க அந்தச் செயலியில் வழியில்லை. அதனால் எல்லோருக்கும் முன்னால் புதிதாக ஒரு ரிக்கெற் திறந்தாள். காட்டுப்பக்கப் பாலையடி, கம்பம் 41. செவ்வாய் ஐந்து முப்பத்தொன்றுக்கு வந்த முதல் செய்தியை அப்படியே ஒட்டினாள். பிழையாக இணைக்கப்பட்டது என்று எழுதி, இணைத்தவர் என்று தன் பெயரையும் போட்டு, பழைய இரண்டு இலக்கங்களையும் தொடுத்தாள். கொண்டுவந்து சொன்னவர் மஹ்றூப். அறிவித்தவர் மீனம்மா.

அடுத்த பெட்டி தொலைபேசி இலக்கம். அதை நிரப்பாமல் செயலி விடாது.

"அம்மா, செய்தி அனுப்ப ஒரு போன் நம்பர் வேணும். ரிக்கெற் உங்க பேருலதான் இருக்கும். உங்களுக்கு நம்பிக்கையான ஆளோட நம்பர் ஒண்ணு சொல்லுங்க."

அப்புத்துரை தன்னுடைய போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். பக்கத்தில் இருந்த ஒருத்தி, "என்ர மகளின்ர நம்பரைப் போடுங்கோ" என்றாள்.

மீனம்மா அவர்களைக் கடந்து பின்வரிசை வாங்குக்குப் போனா. மஹ்றூப் எழும்பப் பார்த்தார். "இருங்க" என்று சொல்லி, வெறுமையாக இருந்த இடத்தில் அவர் பக்கத்திலேயே இருந்தா. இருந்துகொண்டு, கூட்டம் முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா:

"அவரு நம்பரையே போடு புள்ள."

மஹ்றூப் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கஜேந்தினி அந்தப் பத்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாக அடித்தாள்.